இரண்டு நாள் மாநாட்டில் 72 போஸ்டர்கள்: பலகை, நேரம், மதிப்பீடு, உரையாடல்

கேள்வி: எங்கள் துறை இரண்டு நாள் தேசிய மாநாடு நடத்துகிறது. 72 போஸ்டர்கள் ஏற்கப்பட்டுள்ளன. கல்லூரியில் 20 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கூடம் கிடைத்திருக்கிறது. பலகைகளை எப்படி நிறுத்துவது, நேரத்தை எப்படிப் பிரிப்பது, பரிசுக்கு எப்படி மதிப்பிடுவது? போன முறை மாணவர்கள் நடுவர் குழுவுக்காகக் காத்து நின்றதோடு சரி, யாரும் யாரோடும் பேசவில்லை. இந்த முறை அப்படி ஆகக் கூடாது.

பதில்:

கடைசியில் நீங்கள் சொன்ன குறையிலிருந்தே தொடங்குகிறேன். பலகை, நேரம், மதிப்பீடு என்று நீங்கள் கேட்ட மற்ற மூன்றையும் எப்படி அமைப்பது என்பதை அந்தக் குறையே தீர்மானிக்கிறது. நம் ஊர் மாநாடுகளில் வழக்கமாக மூன்று நடுவர்கள் ஒரே குழுவாக, கையில் ஒரு கோப்போடு, முதல் போஸ்டரிலிருந்து கடைசிப் போஸ்டர் வரை வரிசையாக நடந்து செல்வார்கள். ஒரு போஸ்டருக்கு ஏழு நிமிடம் என்று வைத்தால் 36 போஸ்டர்களுக்கே 252 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் எந்த அமர்வுக்கும் கிடைக்காது என்பதால் முதல் பத்துப் போஸ்டர்களுக்குப் பத்து நிமிடமும், கடைசிப் பத்துக்கு இரண்டு நிமிடமும் கிடைக்கின்றன. குழு எப்போது தன்னிடம் வரும் என்று தெரியாத மாணவர் தன் பலகையை விட்டு நகர மாட்டார். வந்து நிற்கும் பார்வையாளரிடமும் மனம் ஒன்றிப் பேச மாட்டார். குழு தன்னைக் கடந்து போனதும் கடமை முடிந்தது என்று கிளம்பிவிடுவார். எனவே நடுவர்களைக் குழுவாக அனுப்பாமல் தனித்தனியாக அனுப்ப வேண்டும் என்பதே நான் சொல்லும் முதல் மாற்றம்.

இரண்டாவது மாற்றம் போஸ்டர்களை இரண்டாகப் பிரிக்கும் விதத்தில் இருக்கிறது. 72 பேரும் ஒரே நேரத்தில் தங்கள் பலகை அருகே நின்றால் பார்ப்பதற்கு ஆள் இருக்காது. ஆகவே 36 பேர் முதல் நாள், 36 பேர் இரண்டாம் நாள் என்று பிரிப்பீர்கள். அப்படிப் பிரிக்கும்போது பொருள்வாரியாகப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும்: வேதியியல் ஒரு நாள், பொருளறிவியல் இன்னொரு நாள் என்பது போல. இது தவறான ஏற்பாடு. நீர் சுத்திகரிப்பில் வேலை செய்யும் எட்டு மாணவர்கள் இருந்தால், ஒருவர் வேலையை நன்றாகப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கக்கூடியவர்கள் மற்ற ஏழு பேர்தான். அந்த எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் தத்தம் பலகையோடு கட்டிப் போட்டால், அவர்களில் ஒருவர்கூட இன்னொருவருடைய போஸ்டரைப் பார்க்க முடியாது. பொருள்வாரியாக அடுத்தடுத்து எண் கொடுங்கள். ஆனால் ஒற்றைப்படை எண்கள் முதல் நாள் நிற்கட்டும், இரட்டைப்படை எண்கள் மறுநாள் நிற்கட்டும். அப்போது 17ஆம் எண்ணுக்குரியவர் நிற்கும் நேரத்தில் 16க்கும் 18க்கும் உரியவர்கள் ஓய்வாக இருப்பார்கள். மறுநாள் அது அப்படியே மாறும். போஸ்டர்கள் அனைத்தும் இரண்டு நாளும் பலகையிலேயே இருக்க வேண்டும், ஆள் மட்டுமே மாற வேண்டும். ஒரே ஆய்வாளர் இரண்டு போஸ்டர்களை விளக்க வேண்டியிருந்தால், ஒன்றுக்கு ஒற்றை எண்ணும் மற்றதற்கு இரட்டை எண்ணும் கிடைக்கிறதா என்பதை மட்டும் கையால் சரிபார்த்துவிடுங்கள்.

இந்த ஏற்பாட்டில் இடவசதியும் தானாகவே கிடைக்கிறது. ஆள் நிற்கும் ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்துப் பலகை ஆளில்லாமல் இருப்பதால், ஒரு மீட்டர் அகலப் பலகையின் முன் கூடும் ஐந்தாறு பேர் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் பரவி நிற்க முடியும்.

இனி உங்கள் கூடத்துக்கு வருகிறேன். கண்காட்சிகளில் அலுமினியக் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் தகடு பொருத்தி நிறுத்துகிறார்களே, அந்த ஆக்டனார்ம் பலகைகள் பெரும்பாலும் ஒரு மீட்டர் அகலம் உள்ளவை. இரண்டு பக்கமும் ஒட்டலாம் என்பதால் 36 பலகைகள் போதும். கூடத்தின் நீளவாக்கில் மூன்று வரிசைகள் நிறுத்துங்கள். ஒரு வரிசையில் பன்னிரண்டு பலகைகள், ஆறுக்குப் பின் நடுவில் ஒன்றரை மீட்டர் இடைவெளி, பிறகு மீண்டும் ஆறு. அந்த இடைவெளி இல்லாவிட்டால் வரிசையின் நடுவில் இருப்பவர் அடுத்த வரிசைக்குப் போகச் சுற்றி வர வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் அவ்வளவு தூரம் சுற்ற மாட்டார்கள். இப்படி ஒரு வரிசையின் நீளம் பதின்மூன்றரை மீட்டர் ஆகிறது. மீதமுள்ள ஆறரை மீட்டரில் இரண்டரை மீட்டரை வாசல் பக்கமும் நான்கு மீட்டரை எதிர் முனையிலும் விடுங்கள். அந்த எதிர் முனைதான் தேநீருக்கான இடம். அகலவாக்கில் சுவருக்கும் வரிசைக்கும் இடையிலும், வரிசைக்கும் வரிசைக்கும் இடையிலும் நான்கு நடைபாதைகள் அமையும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மீட்டர் இருக்கும். எதிரெதிரே பலகைகள் உள்ள நடைபாதையில் இரு பக்கமும் ஆள் நின்று, நடுவில் ஒருவர் தட்டும் கோப்பையுமாக இடிக்காமல் நடக்க இந்த அகலம் வேண்டும். இரண்டு மீட்டராகக் குறைத்தால் நெரிசலாகிவிடும். அவசர வழி இருக்கும் கதவின் முன் எந்தப் பலகையும் மேசையும் வரக் கூடாது.

எண்களைப் பாம்பு ஊர்வது போல இடுங்கள். முதல் சுவரோரப் பாதையில் 1 முதல் 12 வரை, அதே வரிசையின் மறுபக்கத்தில் 13 முதல் 24 வரை, அந்தப் பாதையின் முடிவில் திரும்பி எதிர்ப்பக்கத்தில் 25 முதல் 36 வரை என்று போக வேண்டும். அப்போது 24க்கு எதிரே 25 வரும், 13க்கு எதிரே 36 வரும். எதிரெதிராக உள்ள எந்த இரண்டு எண்களைக் கூட்டினாலும் 49 வருவதால், ஒற்றைக்கு எதிரே எப்போதும் இரட்டை எண்தான் நிற்கும். பக்கத்தில் மட்டுமின்றி எதிரிலும் கூட்டம் முட்டாது. மூன்றாவது பாதைக்கும் இதே முறைதான். எண்ணைக் கணினியில் பெரிதாக அச்சிட்டு, பலகையின் இடது மேல் மூலையில் முந்தின நாள் மாலையே ஒட்டிவிடுங்கள். சுருக்கத் தொகுப்பு நூலிலும், மாணவருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும், நடுவரின் தாளிலும் அதே எண் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் சிலர் வராமல் போவார்கள். அதற்காக எண்களை மாற்றி அடுக்க வேண்டாம். வெற்றுப் பலகை ஒன்றிரண்டு இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் எண் மாறினால் நடுவர் தாள்கள் அத்தனையும் குழம்பிவிடும்.

போஸ்டரின் அளவு ஏ0, நிற்கும் வாக்கில், அகலம் 84 சென்டிமீட்டர், உயரம் 119 சென்டிமீட்டர் என்று அறிவிப்பில் எண்ணால் எழுதுங்கள். ‘ஏ0 அளவு’ என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் கிடைவாக்கில் அச்சிட்டு வருவார்கள். 119 சென்டிமீட்டர் அகலம் ஒரு மீட்டர் பலகையில் அடங்காமல் பக்கத்துப் பலகையை மறைக்கும். கம்பங்கள் போக உள்ளே கிடைக்கும் அகலம் ஒரு மீட்டரைவிடச் சில சென்டிமீட்டர் குறைவாகவே இருக்கும் என்பதால், பலகை தருபவரிடம் உள்ளகலத்தைக் கேட்டுக்கொண்டு பிறகு அறிவிப்பை அனுப்புங்கள். போஸ்டரின் மேல் விளிம்பு தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழ் விளிம்பு 80 சென்டிமீட்டருக்கு மேல் வரும். எல்லாமே குனியாமல் படிக்கும் உயரம்.

ஒட்டும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆக்டனார்ம் தகட்டில் குண்டூசி இறங்காது. இருபக்கமும் ஒட்டும் டேப்தான் வேண்டும். பந்தல்காரர் தரும் துணி சுற்றிய ஒட்டுப்பலகை என்றால் நேர்மாறாக டேப் பிடிக்காது, குண்டூசிதான் நிற்கும். நம் மாணவர்கள் பெரும்பாலும் ஃப்ளெக்ஸில் அச்சிட்டு வருகிறார்கள். அது காகிதத்தைவிடக் கனமானது, சுருண்ட வாக்கிலேயே இழுக்கும். நான்கு மூலையில் மட்டும் டேப் ஒட்டினால் மதியத்துக்குள் கழன்று தொங்கும். மேல் விளிம்பு முழுவதும் டேப் போகட்டும். பளபளப்பான ஃப்ளெக்ஸில் இன்னொரு தொல்லை, விளக்கொளி எதிரொளித்து நடுப்பகுதி படிக்க முடியாமல் போவது. கூடத்து விளக்குகளைப் போட்டுவிட்டு, பலகையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் இது உடனே தெரியும். எனவே பலகைகளை முந்தின நாளே நிறுத்தி, ஒரு பழைய போஸ்டரை நான்கைந்து இடங்களில் வைத்துப் பாருங்கள். நின்று சுழலும் மின்விசிறிகளை வரிசையின் முனையில் வைத்தால் பலகைகள் ஆடும். அவற்றைத் தேநீர் முனையில் வையுங்கள்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் காலைப் பதிவின்போதே எல்லாப் போஸ்டர்களும் ஒட்டப்பட்டுவிட வேண்டும். ஒற்றை எண்களுக்கான அமர்வு முதல் நாள் மாலை 3.30 முதல் 5.15 வரை. இரட்டை எண்களுக்கானது மறுநாள் காலை 10.45 முதல் 12.30 வரை. இரண்டுமே தேநீர் இடைவேளையை உள்ளடக்கியவை, அந்த நேரத்தில் வேறு எந்த உரையும் இணையாக நடக்கக் கூடாது. மதிய உணவு முடிந்தவுடன் போஸ்டர் அமர்வு வைப்பதை நான் விரும்புவதில்லை. விருந்தினர்கள் அறைக்குப் போய்விடுவார்கள். கார்டன் ஆய்வு மாநாடுகளில் பிற்பகலை ஓய்வுக்கு விட்டுவிட்டு மாலை நான்கு முதல் ஆறு மணி வரை, இரவு உணவுக்கு முன், போஸ்டர்களுக்கு ஒதுக்கும் வழக்கம் உண்டு. அந்த மாநாடுகளின் பேச்சில் பெரும்பகுதி அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நடக்கிறது என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். பல்லாயிரம் பேர் கூடும் அமெரிக்க நரம்பறிவியல் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் போஸ்டர் அரை நாள் முழுவதும் பலகையில் இருக்கும், ஆனால் விளக்குபவர் தனக்குக் குறிக்கப்பட்ட ஒரு மணி நேரம் கட்டாயம் நின்றால் போதும். நம் அளவுக்கு ஒற்றை, இரட்டைப் பிரிவே போதுமானது.

105 நிமிடத்தையும் உள்ளுக்குள் மூன்றாகப் பாருங்கள். முதல் 15 நிமிடம் தேநீர் எடுத்துக்கொண்டு உள்ளே வருவதற்கு. அடுத்த 70 நிமிடம், அதாவது 3.45 முதல் 4.55 வரை, நடுவர்கள் நடமாடும் நேரம். கடைசி 20 நிமிடம் எந்த நடுவரும் தாளோடு திரியக் கூடாத நேரம். இந்தக் கடைசிப் பகுதி தேவையற்றதாகத் தோன்றலாம். மதிப்பெண் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் மாணவர் “இந்த இடத்தில் எங்களுக்கே விடை தெரியவில்லை” என்று மனம் விட்டுச் சொல்கிறார். அதுவரை நடுவராக நின்ற பேராசிரியரும் அப்போதுதான் தனக்குத் தோன்றும் யோசனையைச் சொல்ல முடிகிறது. இந்த நேரத்தில் இரண்டாவது சுற்றுத் தேநீர் வந்தால் கூட்டம் கலையாது.

மதிப்பீட்டுக்கு வருவோம். ஒரு போஸ்டரை மூன்று நடுவர்கள் பார்க்க வேண்டும் என்றால் 36 போஸ்டர்களுக்கு 108 மதிப்பீடுகள். பன்னிரண்டு நடுவர்கள் இருந்தால் ஒருவருக்கு ஒன்பது போஸ்டர்கள். கேட்பதற்கு ஐந்து நிமிடம், எழுதுவதற்கும் நடப்பதற்கும் இரண்டு நிமிடம் என்று வைத்தால் 63 நிமிடத்தில் முடிந்துவிடும். மாணவரின் பக்கமிருந்து பார்த்தால், 105 நிமிடத்தில் 15 நிமிடம்தான் நடுவர்களுக்கு விளக்குவதில் போகிறது, மீதி எல்லாம் மற்றவர்களுக்கு. பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அழைக்கப்பட்ட பேச்சாளர்கள், அமர்வுத் தலைவர்கள், வெளிக் கல்லூரிகளிலிருந்து வரும் இளம் ஆசிரியர்கள், முனைவர் பட்டம் முடித்து ஆய்வில் இருப்பவர்கள் ஆகியோரைச் சேர்த்தால் கிடைப்பார்கள். பதவியில் மூத்தவராக இருக்க வேண்டிய தேவை இதில் இல்லை. ஒன்பது பேர்தான் கிடைத்தார்கள் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு போஸ்டர், 84 நிமிடம். கடைசி 20 நிமிடத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அந்த நிலையில் ஒரு போஸ்டருக்கு இரண்டு நடுவர் போதும் என்று குறைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

யார் எந்தப் போஸ்டரைப் பார்ப்பது என்பதை அடுத்தடுத்த ஒன்பது என்று ஒதுக்காதீர்கள். அப்படி ஒதுக்கினால் ஒரு பகுதிக்குக் கறாரான மூவரும் இன்னொரு பகுதிக்குத் தாராளமான மூவரும் அமைந்துவிடலாம், பிறகு அதைச் சரிசெய்ய வழியே இருக்காது. 36 எண்களையும் சீட்டுக் குலுக்குவது போல மூன்று முறை தனித்தனியாகக் கலைத்து மூன்று பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டியலையும் மும்மூன்றாகப் பன்னிரண்டு துண்டுகள் ஆக்கி, முதல் நடுவருக்கு ஒவ்வொரு பட்டியலின் முதல் துண்டு, இரண்டாமவருக்கு இரண்டாம் துண்டு என்று கொடுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு பட்டியலுக்கு ஒரு முறை வருவதால் மூன்று நடுவர்கள் தாமாக அமைவார்கள். ஒரே நடுவருக்கு ஒரே எண் இரண்டு முறை வந்துவிட்டாலோ, தன் மாணவருடைய அல்லது தன் கல்லூரியின் போஸ்டர் வந்துவிட்டாலோ, அந்த எண்ணை அடுத்த நடுவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். இதை முந்தின நாள் இரவுக்குள் முடித்துவிட வேண்டும். அன்றும் தவறிப்போய் ஒன்று அகப்பட்டால், நடுவர் தானே குறித்து விலகிக்கொள்ளத் தாளில் ஒரு கட்டம் இருக்கட்டும்.

தாளில் நான்கு தலைப்புகள் போதும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண்: ஆய்வுக் கேள்வி தெளிவாக இருக்கிறதா, கிடைத்த சான்று முடிவைத் தாங்குகிறதா, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து போஸ்டரைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா, கேள்விக்கு மாணவர் தாமாக விடை சொல்கிறாரா. பத்துத் தலைப்புகள் போட்டால் நடுவர்கள் எல்லாக் கட்டத்திலும் நான்கு என்று நிரப்பிவிடுவார்கள். ‘வடிவமைப்பு’ என்று தனித் தலைப்பு வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. கருவி வசதியும் அச்சு வசதியும் உள்ள நிறுவனத்துக்கு அது இலவச மதிப்பெண். ‘மூன்று என்றால் குறையில்லாத, சாதாரணமான வேலை’ என்று தாளின் தலைப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள். விளக்கத்தைத் தமிழிலும் கேட்கலாம் என்று நடுவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர், அதே வேலையைத் தமிழில் கேட்டால் ஏன் அந்த வெப்பநிலையைத் தேர்ந்தெடுத்தார் என்பது வரை சொல்வதைப் பார்க்கலாம். தமிழ் தெரியாத வெளிமாநில மாணவருக்கு ஆங்கிலம் இருக்கவே இருக்கிறது.

நடுவர் என்று பெரிய பட்டையோ பூவோ அணிவிக்க வேண்டாம். சாதாரணப் பார்வையாளராக வந்து ஓரிரு நிமிடம் கேட்டுவிட்டு, பிறகு தன்னை நடுவர் என்று சொல்லிக்கொண்டு மீதிக் கேள்விகளைக் கேட்கட்டும். மாணவர் பலகையில் இல்லாவிட்டால் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு முறை திரும்பி வர வேண்டும். அப்போதும் இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும், பூஜ்யம் போடக் கூடாது. ஏன் என்பது அடுத்த கணக்கில் தெரியும்.

மூன்று மதிப்பெண்களின் சராசரியை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தினால் தாராளமான நடுவர் கிடைத்தவர் வெல்வார். ஒரு எடுத்துக்காட்டு. 17ஆம் போஸ்டருக்கு இருபதுக்கு 17, 18, 16 கிடைத்தது. சராசரி 17. 43ஆம் போஸ்டருக்கு 15, 16, 14. சராசரி 15. ஆனால் 17ஐப் பார்த்த மூவரும் தங்கள் ஒன்பது போஸ்டர்களுக்கும் சராசரியாகக் கொடுத்தது முறையே 16, 17, 15. அதாவது இந்தப் போஸ்டர் அவர்கள் ஒவ்வொருவரின் வழக்கத்தைவிட ஒரு மதிப்பெண்தான் மேல். 43ஐப் பார்த்தவர்களின் சராசரிகள் 12, 13, 11. அங்கே அது மூன்று மதிப்பெண் மேல். எனவே 43தான் முன்னே நிற்க வேண்டும். ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அந்த நடுவரின் சராசரியைக் கழித்து, மொத்தச் சராசரியைக் கூட்டினால் இந்தத் திருத்தம் கிடைக்கும். ஒரு போஸ்டருக்குரிய மூன்று திருத்திய மதிப்பெண்களின் சராசரியை வைத்து வரிசைப்படுத்துங்கள். விரிதாளில் முதல் வரிசையைத் தலைப்புக்கு விட்டு, A நெடுவரிசையில் போஸ்டர் எண், B-இல் நடுவர் எண், C-இல் மதிப்பெண் என்று 108 வரிகள் இட்டு, D2 கட்டத்தில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடலாம்:

```
=C2-AVERAGEIF(B:B,B2,C:C)+AVERAGE(C:C)
```

வராதவருக்குப் பூஜ்யம் போட்டால் அந்த நடுவரின் சராசரி செயற்கையாகக் கீழே இறங்கி, அவர் பார்த்த மற்ற எட்டுப் பேருக்கும் காரணமில்லாமல் மதிப்பெண் ஏறும். அதனால்தான் வராதவருக்கான வரியையே விரிதாளில் இடாமல் விட்டுவிடச் சொல்கிறேன். இரண்டு அமர்வுகளுக்கும் தனித்தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. ஒன்பது போஸ்டர்களின் சராசரி என்பது சிறிய மாதிரி. ஒரு நடுவருக்கு உண்மையிலேயே நல்ல போஸ்டர்களாகவே அமைந்திருந்தால், அவரைத் தாராளமானவர் என்று கணக்கு தவறாக எண்ணிக்கொள்ளும். திருத்திய சராசரியில் அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆகவே கணக்கைப் பரிசை முடிவு செய்யப் பயன்படுத்தாமல், இறுதிச் சுற்றுக்குரியவர்களைப் பொறுக்கி எடுப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு அமர்விலும் முதல் மூன்று என்று ஆறு போஸ்டர்களை எடுத்து, அவற்றோடு தொடர்பில்லாத மூவர் இரண்டாம் நாள் மதிய உணவுக்குப் பின் 1.30 முதல் 2.00 மணி வரை ஆளுக்கு ஐந்து நிமிடம் கேட்டு முடிவு சொல்லட்டும். முன்பு வேண்டாம் என்ற குழு முறை ஆறு போஸ்டர்களுக்கு மட்டும் என்னும்போது சரியாக வேலை செய்கிறது. இரண்டு அமர்வுகளின் நடுவர்கள் வெவ்வேறு ஆட்களாக இருந்தாலும் ஒரே தராசில் நிறுத்ததாக ஆகிவிடுகிறது. இதற்காக இரண்டாம் நாள் அமர்வின் தாள்களை 12.15க்கு முன்பே வாங்கி, இரண்டு தன்னார்வலர்கள் உடனே உள்ளிட வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்தால் 108 வரிகள் அரை மணி நேரத்தில் முடியும்.

உரையாடலைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலும் அது நாம் தடுக்காமல் இருந்தாலே நடக்கும். அமர்வு நேரத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு வேண்டாம். சிறப்பு விருந்தினர் புகைப்படக்காரரோடும் பரிவாரத்தோடும் வலம் வருவதை அமர்வு தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டால் எல்லோரும் அதில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பார்கள். சுவரோரம் ஆறேழு நாற்காலிகளும், விளக்குபவர்களுக்கு நடைபாதைக்கு இரண்டாகச் சில முக்காலிகளும் போதும். தேநீரை எதிர் முனையில் வைக்கச் சொன்னதற்குக் காரணம், வாசலில் வைத்தால் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள், உள் முனையில் வைத்தால் பன்னிரண்டு போஸ்டர்களையாவது கடந்துதான் போக வேண்டும். கோப்பையை வைக்க அங்கங்கே உயரமான சிறு மேசைகள் இருந்தால் அவற்றைச் சுற்றியே பேச்சு கூடும்.

ஆனால் ஒரு காரியத்தைத் திட்டமிட்டே செய்ய வேண்டும். கடைசிச் சுவரோரம், 61 முதல் 72 வரை, கூட்டம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். உங்கள் துறையின் இளம் ஆசிரியர்கள் நான்கு பேரை, நடைபாதைக்கு ஒருவராக, யாரும் நிற்காத பலகையைப் பார்த்துப் போய் நிற்பதற்கென்றே நியமியுங்கள். ஒருவர் நின்று கேட்கத் தொடங்கினால் இரண்டாமவர் எட்டிப் பார்ப்பார். அந்த ஆசிரியர் கூடவே இன்னொன்றும் செய்யலாம்: “உங்களுக்குப் பக்கத்துப் பலகைக்காரரும் இதே கரைப்பானைத்தான் பயன்படுத்தியிருக்கிறார், பேசிப் பார்த்தீர்களா?” என்று கேட்டு இருவரையும் சேர்த்து வைக்கலாம். பொருள்வாரியாக எண் கொடுத்ததால் அந்தப் பக்கத்துப் பலகைக்காரர் அந்நேரம் ஓய்வாக அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பார். வருகைப் பதிவுக்கான கையெழுத்தையும் இவர்களே வாங்கிக்கொள்ளட்டும். சான்றிதழுக்காக மாணவர் நடுவரைத் துரத்தும் நிலை வேண்டாம்.

வெளியிடப்படாத முடிவுகளைப் படம் எடுப்பது பற்றி முன்பே ஒரு விதி சொல்லுங்கள். கார்டன் மாநாடுகளில் போஸ்டர்களைப் படம் எடுக்கவே தடை. அதனால்தான் அங்கே முடிவாகாத வேலையையும் துணிந்து காட்டுகிறார்கள். உங்கள் மாநாட்டில் ‘படம் எடுக்கலாம்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு விதச் சிறு வில்லைகளைப் பதிவு மேசையில் வைத்து, மாணவரே ஒன்றைத் தேர்ந்து போஸ்டரின் மூலையில் ஒட்டட்டும்.

பரிசு அறிவித்தபின் நடுவர்களின் தாள்களைப் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு தாளின் கீழும் ஒரே ஒரு வரிக் கருத்து எழுதக் கேட்டிருந்தால், மதிப்பெண்ணையும் நடுவர் பெயரையும் நீக்கி, அந்த மூன்று வரிகளை மட்டும் ஒரு வாரத்துக்குள் 72 பேருக்கும் மின்னஞ்சலில் அனுப்பலாம். போஸ்டர்களை இரண்டாம் நாள் 3.30க்கு முன் யாரும் கழற்றக் கூடாது. 4.30க்கு மேல் பலகையில் இருப்பவற்றைத் தன்னார்வலர்கள் சுருட்டி, எண்ணை வெளியே எழுதிப் பதிவு மேசையில் வைப்பார்கள் என்பதையும் முதல் மின்னஞ்சலிலேயே சேர்த்துவிடுங்கள்.